ஒரு ஆளை எடுத்தாச்சு, இடைவெளியை என்ன செய்வது? நாலு கம்பி நகர்த்திய கதை

பெரியம்மா மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, நிச்சயதார்த்தம் ஆகி அது பாதியில் நின்றுபோனது. அதுகூடப் பழகிப்போன விஷயமாகிவிட்டது. பிரச்சினை என்னவென்றால், பாட்டி கடைசியாக எல்லோருடனும் நின்று எடுத்துக்கொண்ட படம் அந்த நிச்சயதார்த்த நாளன்று எடுத்ததுதான். அதில் அந்தப் பையனும் நிற்கிறான். பெரியம்மா வீட்டில் 12×18 பிரேம் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் மாட்ட வேண்டும், "அவனை மட்டும் எடுத்துக் குடுடா தம்பி" என்றார். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். நாலு ராத்திரி ஆனது.

படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா முடிவும் அதைப் பொறுத்தே எடுத்தேன். 6000×4000 பிக்சல், வீட்டு முன்பக்கப் போர்ட்டிகோவில் எடுத்தது. இடமிருந்து வலமாக பெரியப்பா, பெரியம்மா, பாட்டி, அக்கா, அந்தப் பையன், சித்தப்பா, சித்தப்பா மகன். ஏழு பேரும் ஒரே வரிசை. அவர்களுக்குப் பின்னால் வராண்டாவின் கிரில், அரை அடிக்கு ஒரு செங்குத்துக் கம்பி, நடுவில் ஒரு படுக்கைக் கம்பி, மேலே லிண்டல் விளிம்பு. காலடியில் ஒரு அடிக்கு ஒரு அடி பார்க்கிங் டைல்ஸ். ஆளை அழிப்பதற்கு இதைவிட மோசமான பின்னணி கிடைக்காது என்றுதான் முதலில் தோன்றியது. வெறும் வெள்ளைச் சுவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்தக் கம்பிகள்தான், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆளை மட்டும் அழித்து அங்கே கிரிலை வரைந்துவிட்டால் போதாதா? போதாது. அவன் நின்ற இடம் சுமார் 680 பிக்சல் அகலம், ஒரு முழு ஆள் அகலம். அதை அப்படியே காலியாக விட்டால் அக்காவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும், பார்க்கிற எவரும் "இங்கே யார் நின்றது?" என்றுதான் கேட்பார்கள். அதோடு இன்னொரு சிக்கல், அவன் அக்காவின் இடது கைக்கு முன்னால் நிற்கிறான். அவனை எடுத்தால் அக்காவுக்குத் தோளுக்குக் கீழே கை இல்லை. இல்லாத கையை வளையலோடு வரைகிற திறமை எனக்குக் கிடையாது.

முதல் ராத்திரி சோம்பேறித்தனமான வழியில் போனேன். 2007இல் அவிதான், ஷமீர் என்ற இருவர் வெளியிட்ட ஒரு முறை உண்டு. படத்தைச் சுருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே அளவாக நெருக்காமல், முக்கியமில்லாத பிக்சல்கள் வழியாக மேலிருந்து கீழே ஒரு வளைந்த கோட்டைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டை மட்டும் உருவி எடுப்பது, இப்படியே நூற்றுக்கணக்கான கோடுகள். போட்டோஷாப்பில் Content-Aware Scale என்று இருப்பது இதுதான், நான் பயன்படுத்தும் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் Liquid Rescale என்ற செருகுநிரலாகக் கிடைக்கிறது. வேண்டாத ஆளின் மேல் ஒரு நிறம், காப்பாற்ற வேண்டியவர்கள் மேல் வேறு நிறம் பூசிக் கொடுத்தால் அது அந்த ஆள் வழியாகவே கோடுகளை உருவும். உருவியது. ஆள் காணாமல் போனான், சித்தப்பா தானாக அக்கா பக்கத்தில் வந்துவிட்டார், ஒரு நிமிடம் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால், அவன் தலைக்கு மேலே இருந்த கம்பிகளின் நடுவே இருந்த இருட்டை எல்லாம் தின்றுவிட்டு, கம்பிகள் மட்டும் துடைப்பக்குச்சி மாதிரி நெருங்கி நிற்கின்றன, காலடியில் டைல்ஸ் கோடுகள் தண்ணீருக்குள் பார்ப்பது போல நெளிகின்றன. தப்பு அந்த முறையின் மேல் இல்லை. இருட்டான, விவரம் இல்லாத இடம்தான் அதன் கணக்கில் முக்கியமில்லாதது, ஆனால் கிரிலில் அந்த இருட்டின் அகலம்தான் கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கு. கடற்கரை, புல்வெளி, வானம் மாதிரிப் பின்னணி என்றால் இது அருமையாக வேலை செய்யும். நேர்கோடு இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, கையால்தான் நகர்த்த வேண்டும். யாரை நகர்த்துவது என்பதில் பெரிய யோசனை தேவைப்படவில்லை, இடப்பக்கம் நாலு பேர், வலப்பக்கம் இரண்டு பேர், குறைவான பக்கத்தை நகர்த்து. எப்படி நகர்த்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்களை மட்டும் வெட்டி எடுத்து நகர்த்தினால் முடியைச் சுற்றி வெட்ட வேண்டும், சித்தப்பா மகனுக்கு நல்ல சுருட்டை முடி, அதை வெட்டினால் கத்தரித்து ஒட்டிய திருவிழா பேனர் மாதிரி ஆகிவிடும். ஆட்களோடு அவர்களுக்குப் பின்னால் இருக்கிற கிரிலையும் சேர்த்து ஒரே துண்டாக நகர்த்தினால் முடியைத் தொடவே வேண்டாம். ஆனால் அப்போது வலப்பக்கக் கிரில் இடப்பக்கக் கிரிலோடு ஒரு இடத்தில் ஒட்டியாக வேண்டும்.

இங்கேதான் கம்பி உதவுகிறது. அளவு கருவியை வைத்து ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு அளந்தேன், 188 பிக்சல். அப்படியென்றால் துண்டை நம் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது, 188இன் மடங்காக மட்டும்தான் நகர்த்தலாம், அப்போதுதான் கம்பி மேல் கம்பி உட்காரும். 680 பிக்சல் இடைவெளியை மூட மூன்று கம்பி தூரம் போனால் 564, இன்னும் 116 பிக்சல் திறந்து கிடக்கும், அந்தத் திறப்பில் அக்காவின் இல்லாத கை. நாலு கம்பி போனால் சுமார் 750, அதாவது சித்தப்பாவின் சட்டைக் கை அக்காவின் மேல் 70 பிக்சல் ஏறும். ஏறட்டும்! இல்லாத கை சித்தப்பாவுக்குப் பின்னால் போய்விடுகிறது, வரையவே வேண்டாம். குரூப் போட்டோவில் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் கொஞ்சம் ஏறித்தானே நிற்கிறார்கள்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டேன். யார் யாருக்கு முன்னால் வரலாம் என்பதைப் பாதம் சொல்லும். ஒரே தரையில் நிற்பவர்களில் யாருடைய பாதம் படத்தில் கீழே இருக்கிறதோ அவர்தான் காமிராவுக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவர் மற்றவரை மறைக்கலாம். சித்தப்பாவின் பாதம் அக்காவின் பாதத்தைவிடச் சில பிக்சல் கீழே இருந்தது. எதிர்மாறாக இருந்திருந்தால் இந்த யோசனையே செல்லாது, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ இடிக்கும்.

சரி, முழுப்படத்தையும் இன்னொரு லேயராக நகல் எடுத்து இடப்பக்கம் தள்ளினேன். பொருத்திப் பார்ப்பதற்கு ஒரு தந்திரம்: மேல் லேயரின் கலப்பு முறையை Difference என்று வைத்தால், இரண்டு லேயரும் ஒரே மாதிரி இருக்கிற இடம் கறுப்பாகிவிடும், பொருந்தாத இடத்தில் வெள்ளைக் கீற்று தெரியும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாகத் தட்டிக்கொண்டே போனால் கம்பிகள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும். செங்குத்துக் கம்பிகள் மறைந்தன. ஆனால் லிண்டல் விளிம்பைப் பொருத்தினால் படுக்கைக் கம்பி பொருந்தவில்லை, படுக்கைக் கம்பியைப் பொருத்தினால் லிண்டல் ஆறு பிக்சல் இறங்கி நிற்கிறது. அரை மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தபிறகுதான் புரிந்தது, போட்டோ எடுத்தவர் சுவருக்கு நேராக நிற்கவில்லை, கொஞ்சம் வலப்பக்கமாகத் திரும்பி நின்றிருக்கிறார். சுவரின் வலப்பக்கம் காமிராவுக்குச் சற்று தூரம், அதனால் அங்கே எல்லாமே ஒரு சுற்று சின்னது. லிண்டலுக்கும் படுக்கைக் கம்பிக்கும் நடுவில் ஒட்டு வருகிற இடத்தில் 748 பிக்சல், நகர்த்திய துண்டில் 742. 748ஐ 742ஆல் வகுத்தால் 1.008. கம்பிகளின் தூரமும் வலப்பக்கம் 186ஐ ஒட்டித்தான் இருந்தது, அதே விகிதம்.

ஆகவே நகர்த்திய துண்டை 100.8 சதவீதமாகப் பெரிதாக்கினால் போதும், அகல உயர விகிதம் மாறாமல். அதோடு சேர்ந்து சித்தப்பாவும் பெரிதாவாரே என்றால், 2740 பிக்சல் உயரத்துக்கு 22 பிக்சல் கூடும். நிஜத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, அவருக்குச் சந்தோஷம்தான். இந்த மாதிரி ஒன்று இரண்டு சதவீதம் அளவு மாற்றுவது எவர் கண்ணிலும் படாது. ஆனால் இடைவெளியை மூடுவதற்காகப் பின்னணியைப் பத்து இருபது சதவீதம் நெருக்கினால் கம்பி மெலிவது உடனே தெரிகிறது, அதையும் ஒரு தடவை செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். இன்னொன்று, பெரிதாக்குவதையும் நகர்த்துவதையும் தனித்தனியாகச் செய்யாமல் Unified Transform கருவியில் ஒரே தடவையாகச் செய்தேன். சோதனை நகலில் எண்களைக் கண்டுபிடித்துக்கொண்டு, சுத்தமான நகலில் ஒரே அடி. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பிக்சல்கள் மறுபடி கலந்து படம் கொஞ்சம் மழுங்கும், பக்கத்தில் நிற்கிற பாட்டி கூர்மையாகவும் சித்தப்பா மழுப்பலாகவும் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டை எங்கே வைப்பது? அக்கா தலைக்கும் சித்தப்பா தலைக்கும் நடுவில் சுமார் 350 பிக்சல் கிரில் தெரிகிறது. கம்பி மேலேயே ஒட்டு போடாமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவிலிருக்கும் இருட்டு வழியாக, மேல் லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கிற மாஸ்க்கை இறக்கினேன். இருட்டில் ஒட்டு தெரியாது. சித்தப்பாவின் தோள்வரை வந்ததும் அங்கிருந்து சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே போக வேண்டும், அது துணி விளிம்பு, பாதைக் கருவியால் கோடு போட்டு ஒரு பிக்சல் மென்மை கொடுத்தால் முடிந்தது. தோள் சரிவுக்கு மேலே மட்டும் ஒரு சின்ன முக்கோணத்தில் பையனின் தோள் எட்டிப் பார்த்தது. ஒரு கம்பி தள்ளி இருந்த கிரில் துண்டை நகல் எடுத்து அங்கே வைத்தேன்.

இவ்வளவும் முடிந்தபோது இரண்டாவது ராத்திரி. இடுப்புக்கு மேலே படம் கச்சிதம். கீழே பார்த்தால் தரை உடைந்திருக்கிறது.

இதுதான் எனக்கு இந்த வேலையில் புதிதாகத் தெரிந்த விஷயம், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். சுவர் காமிராவுக்கு ஏறத்தாழ நேராக நிற்கிறது, அதை இடம் வலம் நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. தரை அப்படியில்லை. சுவரை நோக்கிப் போகிற டைல்ஸ் கோடுகள் எல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கிச் சாய்கின்றன, அந்தப் புள்ளி என் படத்தில் நடுவே இருந்தது. நடுவில் இருக்கிற கோடு நிமிர்ந்து நிற்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சாய்வு கூடும். வலப்பக்கத் துண்டைத் தரையோடு சேர்த்து நடுவுக்குக் கொண்டுவந்தால், ஓரத்துச் சாய்வோடு கோடுகள் நடுவில் வந்து உட்காருகின்றன. பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கோட்டைச் சரியாக ஒட்டவைத்தால் அதே கோடு சுவரடிக்குப் போவதற்குள் பழைய கோட்டிலிருந்து 200 பிக்சல் விலகிவிடுகிறது. எந்த மடங்கில் நகர்த்தினாலும் இது தீராது, ஏனென்றால் பொருந்தாதது தூரம் இல்லை, சாய்வு.

தீர்வு, தரையை நகர்த்தவே கூடாது. சுவர் நகரட்டும், ஆட்கள் நகரட்டும், தரை அதன் இடத்திலேயே இருக்கட்டும். நல்லவேளையாகச் சுவரும் தரையும் சேருகிற கோடு ஒரு நேர்க்கோடு, அதற்குக் கீழே மாஸ்க்கை மூடிவிட்டு வேட்டி, பேன்ட், பாதங்கள் மட்டும் தெரியும்படி வெட்டினேன். முடியை வெட்டுவதோடு ஒப்பிட்டால் பாதத்தை வெட்டுவது வேலையே இல்லை.

ஆனால் அடியில் இருக்கிற பழைய தரையில் மூன்று பேரின் பழைய கால்கள் நிற்கின்றனவே. நகர்ந்து வந்தவர்கள் கொஞ்சம் மறைத்தார்கள், மிச்சத்தை நான் டைல்ஸ் போட்டு மூட வேண்டியிருந்தது. சாதாரண நகல் தூரிகை இங்கே உதவாது, அது சாய்வையும் சேர்த்துக் கொண்டுவரும். வலது ஓரத்தில் கால் இல்லாத சுத்தமான தரை இருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வரிசை டைலாக எடுத்து, இடப்பக்கம் நகர்த்தி, அந்த இடத்துச் சாய்வுக்கு வருகிற வரைக்கும் பக்கவாட்டில் சரித்து ஒட்டினேன். நிற்பவர்களுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு வரிசைதான். சுவருக்கு இணையாகப் போகிற கோடுகள் தாமாகவே பொருந்திவிடும், சாய்கிற கோடுகளை மட்டும் பார்த்தால் போதும். இதற்கே மூன்றாவது ராத்திரி முழுக்கப் போனது.

ஒட்டிய பாதங்கள் முதலில் தரையில் நிற்காமல் மிதந்தன. பாதம் தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய, கிட்டத்தட்டக் கறுப்பான நிழல் இருக்கும், அது பழைய தரையோடு போய்விட்டது. அடியில் இருப்பதை இருட்டாக்குகிற Multiply லேயரில் குதிகாலை ஒட்டி ஒரு மெல்லிய கோடு, அதைச் சுற்றி மங்கலாக அகலமாக இன்னொன்று, இரண்டாகப் போட்டதும் இறங்கி நின்றார்கள். நிழலின் நிறத்தைப் பக்கத்தில் நிற்கும் பாட்டியின் காலடியிலிருந்தே எடுத்துக்கொண்டேன், சுத்தக் கறுப்பு போட்டால் மை கொட்டின மாதிரி இருக்கிறது. அதேபோலச் சித்தப்பா இப்போது அக்காவுக்கு முன்னால் நிற்கிறார் என்றால் அவருடைய கையின் லேசான நிழல் அக்காவின் புடவை மேல் விழ வேண்டும், அதையும் முப்பது சதவீத அடர்த்தியில் போட்டேன்.

நாலாவது ராத்திரி சில்லறை வேலைகள். பையன் போட்டிருந்தது மெரூன் சட்டை, அதன் சாயல் சித்தப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையில் ரோஸ் நிறமாக அடித்திருந்தது. பையன் போனபிறகு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு கறை மாதிரி நின்றது, அந்த இடத்தில் மட்டும் நிறச்செறிவைக் குறைத்தேன். இன்னொன்று, அவன் கை அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் அந்தப் பக்கத் தோளில் நாலு விரல் தெரிந்தது. இதை நான் கவனித்ததே கடைசியில்தான். அன்றைக்கு அடுத்தடுத்து எடுத்த நாலு படங்களில் முதலாவதில் கை இன்னும் ஏறவில்லை, அதிலிருந்து புடவைத் தலைப்பை மட்டும் வெட்டி இங்கே வைத்தேன். அந்த முதல் படத்தையே எடுத்திருக்கலாமே என்றால், அதில் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார்.

அளவு விஷயம் தானாகவே அமைந்தது. வலப்பக்கம் 750 பிக்சல் காலியானது, அதை வெட்டினால் 5250 அகலம். பிரேம் 12×18, ஒன்றுக்கு ஒன்றரை, ஆகவே உயரம் 3500. தலைக்கு மேலே 400, பாதத்துக்குக் கீழே 350 சொச்சம் மிச்சம் வைத்து வெட்ட முடிந்தது. அங்குலத்துக்கு 290 பிக்சல் வருகிறது, பிரிண்டுக்கு ஏராளம். காலியான வலது ஓரத்துக்குச் சுவரை இழுத்து நிரப்பலாமா என்றும் ஒரு யோசனை வந்தது, எதற்கு வம்பு.

பிரிண்ட் போடுவதற்கு முன் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பி ஒரு நாள் கழித்துப் பார்த்தேன், பழகிய கண்ணுக்குத் தெரியாத தப்பு அப்போது தெரியும் என்பார்கள். தரையில் ஒரு டைல் மட்டும் பக்கத்து டைலைவிட வெளுத்திருந்தது, சரிசெய்தேன். எல்லாம் சரி என்று பெரியம்மாவுக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் போன். "நம்ம வீட்டுல ஆறு பேருக்குப் பதிமூணு கால் இருக்குடா." அக்காவின் புடவைக் கரைக்குப் பக்கத்தில், சித்தப்பாவின் வேட்டிக்குப் பின்னால், பையனின் ஒரு கட்டைவிரலும் பாதி பாதமும். நான் டைல்ஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் கால் கண்ணில் படவே இல்லை. இனிமேல் அனுப்புவதற்கு முன் கை, கால், விரல் என்று வாய்விட்டு எண்ணிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

பதிமூன்றாவது காலை எடுத்துவிட்டுப் பிரிண்ட் போட்டு மாட்டியாகிவிட்டது. ஓரத்தில் நின்றவர்கள் நடுவுக்கு வந்ததில் சித்தப்பா மகன் ஒரு துளி அகலமாகத் தெரிகிறான், அகலக்கோண லென்ஸ் ஓரத்தை இழுப்பதால் வருவது, மூன்று நாலு சதவீதம்தான், விட்டுவிட்டேன். மூலப் படத்தையும் லேயர்களோடு கூடிய கோப்பையும் தனியாக வைத்திருக்கிறேன், அக்காவிடம் கேட்டுத்தான். சித்தப்பா பிரேம் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "நான் அன்னிக்கு இவ்வளவு கிட்டவா நின்னேன்?" என்று கேட்டார். பெரியம்மா, "ஆமா, நீதான் இடிச்சுக்கிட்டு நின்னே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.